அவசரத்தில் மொட்டையாகப் போன மெசேஜ்: கோபமில்லை என்று எப்போது, எப்படிச் சொல்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில் நடக்கிற விஷயம் என்பதால் அதை வைத்தே பதில்கள் இருக்கின்றன. வீடு, சொந்தம், வேலை மூன்றும் கலந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றீங்களான்னு அண்ணி கேட்டாங்க. பஸ்ல நின்னுட்டே "இல்ல"ன்னு மட்டும் போட்டுட்டேன். இதுக்கெல்லாம் விளக்கம் சொல்லணுமா?

இதற்குச் சொல்ல வேண்டும். எல்லாச் சின்ன மெசேஜுக்கும் வேண்டாம். "பால் வாங்கிட்டியா?" என்று வீட்டில் கேட்டு நீங்கள் "ம்" என்று போட்டால் அதற்குப் பின்னால் ஒரு விளக்கவுரை தேவையில்லை, போட்டால் சிரிப்பார்கள்.

அண்ணி விஷயம் வேறு. முதலாவது, நீங்கள் சொன்னது மறுப்பு. மறுப்பு நீளமாக இருந்தாலே கொஞ்சம் உறுத்தும், மொட்டையாக இருந்தால் இன்னும் உறுத்தும். இரண்டாவது, வழக்கமாக நீங்கள் அவருக்கு இப்படி எழுதுகிறவர் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: "ஏன், என் மேல ஏதாவது கோபமா?" என்று அவர் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார். கணவரோ கூடப் படித்த தோழியோ கேட்டுவிடுவார்கள், அதோடு முடிந்துவிடும். அண்ணி கேட்காமல் அண்ணனிடம் சொல்வார், அண்ணன் அம்மாவிடம் சொல்வார், உங்கள் காதுக்கு அது வந்து சேரும்போது "ரொம்ப எடுத்தெறிஞ்சு பேசிட்டாளாம்" என்று ஆகியிருக்கும். திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் இருப்பவருக்கு விளக்கம் நாமாகச் சொன்னால்தான் உண்டு. மருமகள், சம்பந்தி வீட்டார், நமக்குக் கீழே வேலை செய்பவர், புதிதாகச் சேர்ந்தவர் எல்லோரும் இந்த வகைதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவ்வளவு போதும்: "அண்ணி, பஸ்ல நின்னுட்டே அடிச்சேன், அதான் மொட்டையா போயிடுச்சு. ஞாயிறு இவருக்கு டூட்டி, அதனாலதான் வர முடியல. அடுத்த வாரம் வரட்டுமா?"

அனுப்பும்போது எனக்கு அது சாதாரணமாத்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஏன் அவங்களுக்கு மட்டும் கோபமா கேக்குது?

அனுப்பும்போது உங்கள் குரல் உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "சரி" என்று அடிக்கும்போது நீங்கள் மனதில் சொன்னது இழுத்துச் சொல்கிற "சரீ"யாக இருக்கும். திரையில் போய் விழுவது வெறும் இரண்டு எழுத்து.

ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ உண்மையாகவோ சொல்லி அனுப்ப வேண்டும், எது கிண்டல் என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். மின்னஞ்சலோ குரலோ, எதில் அனுப்பினாலும் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலே 50 வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வேலையிடத்து மின்னஞ்சல்களைப் பற்றி 2008-இல் எழுதிய கிறிஸ்டின் பைரன், எழுத்தில் போகிற செய்தி அனுப்பியவர் நினைத்ததைவிட ஒரு படி கீழே இறங்கியே வாசிக்கப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். மகிழ்ச்சியாக எழுதியது சாதாரணமாகத் தெரியும், சாதாரணமாக எழுதியது கடுப்பாகத் தெரியும். அதனால் "நான் சாதாரணமாத்தானே போட்டேன்" என்பது உண்மையாகவே இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது.

எந்த மெசேஜ் கோபமா தெரியும்னு முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீளத்தைப் பார்க்காதீர்கள். வழக்கமாக இருக்கும் எது இல்லாமல் போயிருக்கிறது என்று பாருங்கள்.

தமிழில் மரியாதையும் பாசமும் பெரும்பாலும் வார்த்தையின் வாலில்தான் தொங்குகின்றன. "சரிங்க", "சரிப்பா", "சரிம்மா", "சரிடா", "சரிங்கண்ணா" எல்லாம் ஒரே சம்மதம்தான், ஆனால் அவசரத்தில் முதலில் உதிர்வது அந்த வால். "அனுப்புங்க" என்று அடிக்க வேண்டியதை "அனுப்பு" என்று அடித்துவிடுகிறோம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும், anuppunga என்பது anupu ஆகிவிடும், அடித்தவருக்கு அது வெறும் சுருக்கம், படிக்கிற மாமனாருக்கு அது ஒருமை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதை உடனே கவனிப்பார்கள், அங்கே வாக்கியத்துக்கு ஒரு "ங்க" இல்லாவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் நினைப்பு ஓடும்.

அடுத்தது விளிப்பு. "மாமா", "சித்தி", "அண்ணா", "மேடம்" என்று எப்போதும் தொடங்குகிறவர் ஒருநாள் அது இல்லாமல் தொடங்கினால் தெரிந்துவிடும். கடைசியாக, முற்றுப்புள்ளி. பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளின் குழு 2015-இல் 126 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வார்த்தைப் பதிலின் முடிவில் புள்ளி வைத்திருந்தால் அது குறைவான மனப்பூர்வத்தோடு சொன்னதாகப் பட்டது, அதே பதில் கையெழுத்துக் குறிப்பில் இருந்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. அது ஆங்கிலத்தில் செய்தது. ஆனால் "சரி" என்பதையும் "சரி." என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஆய்வெல்லாம் வேண்டாம்.

கேள்விச் சொற்களும் ஆபத்து. "என்ன", "ஏன்", "யார் சொன்னது", "எதுக்கு" இவை நான்கும் குரலில் ஒரு பொருள், எழுத்தில் ஒரு பொருள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதும் அதட்டலாகத் தெரியும்.

சரி, விளக்கம் அனுப்பணும். என்னதான் எழுதுறது? "தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு போட்டா போதாதா?

போதாது, பல நேரம் அது இன்னும் கெடுக்கும். நம் பேச்சில் "தப்பா எடுத்துக்காதீங்க" என்பது ஒரு கசப்பான விஷயத்துக்கு முன்னால் வருவது. "தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு சொல்றேன்" என்று யாராவது தொடங்கினால் நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம். அதனால் அந்த வரியைப் பார்த்ததும் படிப்பவர், தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஏதோ இருந்திருக்கிறது என்று முந்தைய மெசேஜை மறுபடி போய்ப் படிப்பார்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். துணி வாங்குகிற பையருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண், முப்பது வயதுக்குள். கட்டிங் மாஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர், அந்தத் தொழிலிலேயே ஊறியவர். காலை 11:40-க்கு மாஸ்டரிடமிருந்து மெசேஜ்: "லாட் 2 துணி வந்திருச்சுங்க. அப்ரூவல் ஆயிருச்சுன்னாங்க. லே போட்டுரலாமுங்களா?" அந்த நேரம் அந்தப் பெண் பேக்கிங் பக்கம் நின்று, தரம் பார்க்க வந்த பையரின் கியூ.சி. ஆளுக்குப் பெட்டிகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். லாட் 2 துணியின் நிறம், அதாவது ஷேடு, இன்னும் பையரிடம் அப்ரூவ் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். துணியை அடுக்கி லே போட்டு வெட்டிவிட்டால் வெட்டியதை மறுபடி துணியாக்க முடியாது, ஷேடு ஒத்துவராவிட்டால் மொத்தமும் நஷ்டம். அதனால் ஒரு கையால் அடித்தார்:

"வேண்டாம். யார் சொன்னது"

அவர் கேட்டது நிஜமான கேள்வி. அப்ரூவல் ஆகிவிட்டது என்று தவறாகச் சொன்ன ஆள் யார் என்று தெரிந்தால் அவரைப் பிடித்துப் பேச வேண்டும், வேறு யாரிடமெல்லாம் அதைச் சொல்லி வைத்திருக்கிறாரோ. ஆனால் மாஸ்டரின் போனில் அது "யாரைக் கேட்டு இதைச் செய்யறே?" என்றுதான் போய் இறங்கியது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது:

"சரி"

"ங்க" இல்லை. எப்போதும் "சரிங்க மேடம்" என்று போடுகிற ஆள். இதுதான் அடையாளம், இதற்குமேல் ஒன்றும் வராது, அவர் கோபத்தைக் காட்டமாட்டார், ஆனால் அடுத்த முறை சந்தேகம் வந்தால் கேட்கவும் மாட்டார். அந்தத் தொழிலில் கட்டிங் மாஸ்டர் கேட்காமல் விடுவதுதான் பெரிய செலவு.

அந்தப் பெண் முதலில் அடித்துப் பார்த்தது, "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர், நான் கோபமா சொல்லல." அனுப்பவில்லை, நல்லவேளை. அதில் விஷயமே இல்லை, கோபம் என்ற வார்த்தை மட்டும் இருக்கிறது. 11:52-க்கு அனுப்பியது இது:

"மாஸ்டர், கியூ.சி. பக்கத்துல நின்னுட்டே டைப் பண்ணேன், அதான் அப்படி மொட்டையா போயிருச்சுங்க. லாட் 2 ஷேடு இன்னும் பையர்கிட்ட ஓகே ஆகல, அதனாலதான் லே வேண்டாம்னேன். நீங்க கேட்டதும் நல்லதாப் போச்சு. ஓகே ஆயிருச்சுன்னு உங்ககிட்ட சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன். ஷேடு விஷயம் 3 மணிக்குள்ள சொல்லிடறேங்க."

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தொடக்கத்திலேயே விளிப்பு, உடனே காரணம். போன் பூட்டியிருக்கும்போது நோட்டிஃபிகேஷனில் முதல் வரிதான் தெரியும், அதனால் காரணம் முதல் வரியில் இருக்க வேண்டும். காரணமும் "பிஸியா இருந்தேன்" என்று பொதுவாக இல்லை, எங்கே நின்றார் என்ன செய்தார் என்று கண்ணுக்குத் தெரிகிறது. "பிஸி" என்று சொன்னால் நான் உங்களைவிட முக்கியமானவள் என்ற வாசனை லேசாக அடிக்கும், இடத்தைச் சொன்னால் அது அடிக்காது. பிறகு முதல் மெசேஜில் சொல்ல வேண்டியிருந்ததை முழுதாகச் சொல்கிறார். விளக்கத்தின் எடை இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் "வேண்டாம்" என்பதற்குக் காரணம் தெரிந்ததும் அது தன் மேலான கோபம் இல்லை என்பது தானாகப் புரிந்துவிடுகிறது. "யார் சொன்னது" என்ற அதே கேள்வியை மறுபடி கேட்கிறார், ஆனால் எதற்காக என்பது ஒட்டிக்கொண்டு வருகிறது. "கோபம்" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. கடைசியில் மாஸ்டர் பதில் எழுத ஒரு சுலபமான விஷயம் இருக்கிறது, ஒரு பெயர். "பரவாயில்லைங்க மேடம்" என்று சொல்லும் கட்டாயத்தில் அவரை நிறுத்தவில்லை.

பெயர் வந்தது, கூடவே "ங்க"வும் வந்தது.

"சாரி" சேர்க்கலாமா?

ஒரு முறை, நடுவில், சாதாரணமாக வந்தால் சேர்க்கலாம். "சாரி, பஸ்ல இருந்தேன்" என்பது சரி. ஆனால் வயதில் பெரியவருக்கு "மன்னிச்சுக்கோங்க" என்று எழுதிவிட்டால் விஷயம் பெரிதாகிவிடும், நடந்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று அவரே யோசிக்கத் தொடங்குவார். மூன்று "சாரி" போட்டால் பதிலுக்கு அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகும், அது அவருக்கு எதற்கு?

எடிட் பண்ணி சரி பண்ணிடலாமா? இல்ல அழிச்சிட்டு வேற போடலாமா?

வாட்ஸ்ஆப்பில் எடிட் வசதி 2023 மே மாதம் வந்தது, அனுப்பி 15 நிமிடம் வரை திருத்தலாம். எதிராளி இன்னும் திறக்கவில்லை, ஒரே ஒரு டிக் அல்லது நீலமாகாத இரண்டு டிக் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. "இல்ல" என்று போனதை "இல்ல அண்ணி, ஞாயிறு இவருக்கு டூட்டி" என்று நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. மெசேஜின் ஓரத்தில் Edited என்று இருக்கும், அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

நீலமான பிறகு எடிட் செய்வதில் பயன் குறைவு. திருத்தியதற்குத் தனியாக நோட்டிஃபிகேஷன் போகாது, அவர் பழையதைப் படித்த மனநிலையிலேயே இருப்பார், திரும்பப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. பார்த்தாலும் "அப்ப என்னமோ போட்டு இப்ப மாத்தியிருக்கா" என்று தோன்றலாம். படித்தாயிற்று என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே புதிதாக எழுதுங்கள்.

அழிப்பதை நான் சொல்லமாட்டேன். Delete for everyone இரண்டு நாளுக்கு மேல்வரை வேலை செய்யும், ஆனால் அந்த இடத்தில் This message was deleted என்ற தடம் நின்றுவிடும். அவசரத்தில் போட்ட "இல்ல"வைவிட அழித்த தடம்தான் மனதைக் குடையும், அதில் என்ன எழுதியிருந்தாள் என்று ராத்திரி முழுக்க யோசிப்பார்கள். நோட்டிஃபிகேஷனில் ஏற்கனவே படித்திருந்தால் இன்னும் மோசம், திட்டிவிட்டுப் பின்வாங்கினது போல ஆகிவிடும்.

நீல டிக் வந்து ரொம்ப நேரம் ஆச்சு, பதிலே இல்ல. போன் பண்ணலாமா?

பதில் வராதது எல்லாம் கோபம் இல்லை, அவரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம். ஆனால் பதில் வருமா என்று காத்திருந்து பார்த்துவிட்டு விளக்கம் சொல்வது தலைகீழ் வேலை. விளக்கம் அவர் பதிலைப் பொறுத்து இல்லை, உங்கள் கை எப்போது சும்மா ஆகிறதோ அப்போதே போக வேண்டும். அன்றைக்கே போனால் அது சாதாரணத் தொடர்ச்சி. மறுநாள் காலையில் போனால் ராத்திரி யோசித்து எழுதியதாகத் தெரியும், அதற்கு எடை கூடிவிடும்.

மறுநாள் ஆகிவிட்டது என்றால் எழுதாமல் பேசிவிடுங்கள். விளக்கத்துக்காக மட்டும் கூப்பிட வேண்டாம், வேறு ஏதாவது ஒரு விஷயத்துக்குக் கூப்பிட்டு நடுவில் சொல்லுங்கள், "நேத்து பஸ்ல இருந்தேன் அண்ணி, ஒரே வார்த்தையில போட்டுட்டேன்." குரல் கேட்டதும் பாதி சரியாகிவிடும். பேசக் கூச்சம் என்றால் வாய்ஸ் மெசேஜ், அரை நிமிடத்துக்குள், பின்னணியில் தெருச் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு முதலிலிருந்தே வாய்ஸ்தான் நல்லது.

ஊர்ல இருக்கிற அம்மா போன் பண்ணும்போது கட் பண்ணி மெசேஜ் போகும். அதைப் பாத்துட்டு "பெரிய துரை ஆயிட்டான்"ங்கிறாங்க. என்ன பண்றது?

அது நீங்கள் எழுதினதே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வருகிற அழைப்பை மறுக்கும்போது அனுப்பத் தயாராக நாலைந்து வாக்கியங்கள் இருக்கும். Can't talk now. What's up? என்பது அதில் ஒன்று. அது எஸ்.எம்.எஸ். ஆகப் போகும். மகன் போனை வெட்டிவிட்டு இங்கிலீஷில் ஏதோ அனுப்பினான், அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொன்னால் "இப்ப பேச முடியாதாம், என்னன்னு கேக்குறாரு" என்கிறது அந்தப் பிள்ளை. துரை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

இதற்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் வேண்டாம், அந்த வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள். கூகுளின் போன் ஆப்பில் அமைப்புகளுக்குள் Quick responses என்று இருக்கும், அதைத் தொட்டால் ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் விருப்பப்படி மாற்றலாம், தமிழிலும் அடிக்கலாம். மற்ற போன்களில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், அழைப்பு அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும். "அம்மா, வேலைல இருக்கேன், கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்" என்று ஒன்று. அந்தப் பட்டியலிலிருந்து வேறு யாருக்காவது தவறி "அம்மா" போய்விடும் என்று பயமாக இருந்தால் விளிப்பை எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் (மேனேஜருக்குப் போனால் அதை விளக்க இந்தப் பக்கம் போதாது).

அப்புறம் கூப்பிடறேன் என்று போட்டால் கூப்பிடுங்கள். நம் ஊரில் "அப்புறம் பேசறேன்" என்பதற்குப் பேச விருப்பமில்லை என்றும் ஒரு பொருள் உண்டு, அதை உடைப்பது அந்த போன் மட்டும்தான்.

ஆபீஸ் குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒருத்தருக்கு "ஏன் இன்னும் அனுப்பல"ன்னு போட்டுட்டேன். தனியா சொல்லணுமா, குரூப்லயே சொல்லணுமா?

இரண்டும், ஆனால் அளவு வேறு. அவரைத் தலைகுனிய வைத்தது மற்றவர்கள் பார்த்ததுதான், தனியாக மட்டும் சொன்னால் அந்த இருபது பேருக்கு அது தெரியாது. அதே சமயம் குரூப்பில் நீண்ட விளக்கம் போட்டால் நேற்று கவனிக்காதவர்களும் மேலே போய்த் தேடிப் படிப்பார்கள்.

குரூப்பில் விளக்கம் மாதிரியே தெரியாத ஒரு வரி போதும். அவருடைய மெசேஜை ஸ்வைப் செய்து அதற்குப் பதிலாகப் போடுங்கள்: "கிளையண்ட் லைன்ல இருக்கார், அதான் அவசரமா கேட்டேன். 4 மணிக்குள்ள கிடைச்சா போதும்ங்க." அவசரம் உங்கள் பக்கம், தவறு அவர் பக்கம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தனியாக அவருக்கு, "குரூப்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, உங்களையே தனியா கேட்டிருக்கணும்" என்று ஒரு வரி. அவர் உண்மையாகவே தாமதப்படுத்தியிருந்தால் அந்தப் பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

ஒரு சிரிக்கிற எமோஜி போட்டா முடிஞ்சிடாதா?

நண்பர்களுக்குள் முடிந்துவிடும். மற்ற இடத்தில் ஆளைப் பொறுத்தது. வாயை மட்டும் லேசாக வளைத்துச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தைப் பெரியவர்கள் நிஜச் சிரிப்பாகப் படிக்கிறார்கள், இருபது வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் அதை "உள்ளுக்குள்ள எரியுது" என்று படிக்கிறார்கள். கட்டை விரலும் அப்படித்தான், மாமாவுக்கு அது சம்மதம், காலேஜ் பையனுக்கு அது "பேச்சை முடி". எமோஜி குரலை மாற்றும், காரணத்தைச் சொல்லாது. "வேண்டாம்" என்று போட்டுப் பக்கத்தில் சிரித்தால் ஏன் வேண்டாம் என்பது இன்னும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்றதுன்னா, கொஞ்சம் கோபமும் இருந்துச்சு. "கோபமில்ல, அவசரம்"னு போடலாமா?

போடாதீர்கள். முழுக் கோபமா, கால் பங்கு கோபமா என்பது உங்களுக்குத் தெரியும். அவசரம் என்று சொல்லி அன்றைக்குத் தப்பிக்கலாம், ஆனால் அடுத்த முறை நிஜமான அவசரத்தில் நீங்கள் சொல்லும் விளக்கம் செல்லாது. கூடவே, எதனால் கோபம் வந்ததோ அது அப்படியே கிடக்கும்.

இரண்டும் இருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். "அப்ப டிராஃபிக்ல இருந்தேன், அதான் ஒரே வார்த்தை. ஆனா நீ சொல்லாம கேன்சல் பண்ணது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, சாயங்காலம் பேசலாம்." இதில் மெசேஜ் ஏன் மொட்டையாக இருந்தது என்பதும் தெரிகிறது, எது உறுத்துகிறது என்பதும் தெரிகிறது, சண்டை டைப்பிங்கில் நடக்கப் போவதில்லை என்பதும் தெரிகிறது.

எனக்கு வேலையே ஓட்டமா ஓடுறதுதான். தினமும் பத்து பேருக்கு விளக்கம் சொல்லிட்டிருக்க முடியுமா?

முடியாது, சொல்லவும் கூடாது. வாரத்துக்கு நாலு தடவை "அவசரத்துல போட்டேன்" என்று வந்தால் அது விளக்கமாக இருக்காது, பழக்கமாகிவிடும், எதிராளி படிக்காமலே கடந்துவிடுவார்.

உங்களோடு தினமும் வேலை செய்கிறவர்களிடம் ஒரு முறை நேரில் சொல்லிவையுங்கள்: "லைன்ல இருக்கும்போது நான் ஒரே வார்த்தையிலதான் பதில் போடுவேன், அது கோபம் இல்ல, கோபம்னா நேர்ல வந்து சொல்லுவேன்." சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும், கோபம் வந்தபோது மெசேஜில் காட்டினால் இந்த ஏற்பாடு அன்றோடு காலி.

மற்றவர்களுக்குக் காரணத்தை முன்னாலேயே வைத்துவிடுவது சுலபம். "வண்டில இருக்கேன், வேண்டாம்ங்க, வந்து சொல்றேன்." "வேண்டாம்" என்று மட்டும் அடிப்பதைவிட ஒரு சில நொடிகள்தான் கூட. அதுவும் சிரமம் என்றால் போன் கீபோர்டில் குறுக்குவழி வைக்கலாம். ஐபோனில் Text Replacement என்றும், கூகுள் கீபோர்டில் Dictionary என்ற பகுதிக்குள்ளும் இருக்கும். "வவ" என்று அடித்தால் "வேலைல இருக்கேங்க, சுருக்கமா சொல்றேன்:" என்று வரும்படி செய்துவிட்டால் போதும். வாட்ஸ்ஆப் பிசினஸ் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு Quick replies இருக்கிறது, சாய்வுக்கோடு ஒன்றைத் தட்டினால் நீங்கள் சேமித்த வாக்கியங்கள் வரிசையாக வரும்.

அதுவும் முடியாத நேரத்தில் பதிலே போடாதீர்கள். பேக்கிங்கில் நின்றுகொண்டு ஒரு "யார் சொன்னது" அனுப்புவதைவிட, வெட்டினால் திரும்பாத விஷயம் என்றால் போனைப் போட்டு "மாஸ்டர், லே வேண்டாம்ங்க, பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று சொல்லிவிடுவது வேகமும்கூட.

இது எனக்கு வந்த மெசேஜ். மேனேஜர் "பாத்துக்கலாம்"னு மட்டும் போட்டிருக்கார். கோபமான்னு கேக்கலாமா?

"கோபமா சார்?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், கோபமாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார். அதனால் விஷயத்தைக் கேளுங்கள். "சரிங்க சார். அப்ப திங்கட்கிழமைக்கு இதை எடுத்து வைக்கட்டுமா, இல்ல இப்போதைக்கு விட்டுடலாமா?" அவசரத்தில் போட்டிருந்தால் இதற்குச் சாதாரணமாக ஒரு பதில் வரும். இதற்கும் வால் இல்லாத ஒற்றை வார்த்தை வந்தால், மெசேஜை வைத்து ஜோசியம் பார்க்காமல் மத்தியானம் அவர் கேபினுக்கே போய்விடுங்கள்.